ஹாஃப் ஆடர் சரி, ஃபுல் ஆடரில் மட்டும் நாலு வரி தப்பு: எங்கே தேடுவது?

ரெண்டாம்வருஷம்

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ ஈசிஇ இரண்டாம் வருடம் படிக்கிறேன். காலேஜ் லேபில் ட்ரெய்னர் கிட் வைத்து ஃபுல் ஆடர் போட்டோம், எட்டு வரியும் சரியாக வந்தது. அதையே வீட்டில் தனியாகப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டு பிரெட்போர்டு, 86, 08, 32 என்று மூன்று ஐசி, கொஞ்சம் எல்இடி வாங்கினேன். பவருக்குப் பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்.

முதலில் ஹாஃப் ஆடர் மட்டும் போட்டேன். A-யும் B-யும் 86-இன் 1, 2 பின்னுக்கும் 08-இன் 1, 2 பின்னுக்கும் போகின்றன. 86-இன் மூன்றாம் பின்னில் ஒரு எல்இடி, 08-இன் மூன்றாம் பின்னில் ஒரு எல்இடி. நாலு வரியும் கச்சிதமாக வந்தது.

அப்புறம் அதன் மேலேயே இரண்டாவது ஹாஃப் ஆடரைச் சேர்த்தேன். 86-இன் மூன்றாம் பின்னை (இதை P என்கிறேன்) 86-இன் 4-க்கும் 08-இன் 4-க்கும் கொடுத்தேன். Cin இரண்டு ஐசியிலும் 5-ஆம் பின்னில். 86-இன் 6 தான் S. 08-இன் 3, 6 இரண்டையும் 32-இன் 1, 2-இல் கொடுத்து, 32-இன் 3-ஆம் பின்னை Cout ஆக எடுத்தேன். கேரியில் இருந்த எல்இடியைப் பிடுங்கி Cout-க்கு வைத்துவிட்டேன். P-யில் இருந்த எல்இடி அப்படியே இருக்கிறது, S-க்குப் புதிதாக ஒன்று.

கிடைத்தது இதுதான்:

```
A B Cin | S Cout
0 0 0   | 0 0
0 0 1   | 1 0
0 1 0   | 0 0   தப்பு
0 1 1   | 1 0   தப்பு
1 0 0   | 0 0   தப்பு
1 0 1   | 1 0   தப்பு
1 1 0   | 0 1
1 1 1   | 1 1
```

வயரிங்கை மூன்று தடவை பிரித்துப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே நாலு வரிதான் தப்பாக வருகிறது. P எல்இடி மட்டும் எல்லா வரியிலும் சரியாக எரிகிறது. எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

சாலிடர்வாசம்

தம்பி, S காலத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 0 1 0 1 0 1 0 1. அது Cin-ஐ அப்படியே காப்பி அடித்த மாதிரி இருக்கிறது. Cin வயர் ஏதோ ஒரு ஓட்டையில் மாறி, நேராக S எல்இடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பிரெட்போர்டில் ஒரு வரிசை தள்ளிச் செருகுவது சாதாரணமாக நடக்கும். 5-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன, அங்கே பாருங்கள்.

கொங்குத்தம்பி

எனக்கும் இதே மாதிரி ஆனது. போன வருடம் செய்முறைத் தேர்வில் 32 என்று எடுத்த ஐசி உண்மையில் 02. மேலே எழுத்து தேய்ந்து போயிருந்தது. 02-இல் பின் வரிசையே தலைகீழ், 1-ஆம் பின் அவுட்புட், 2, 3 தான் இன்புட். அண்ட் கேட்டின் அவுட்புட்டும் நார் கேட்டின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஐசி சூடாகிவிட்டது. விரலை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஐசியை மாற்றுங்கள்.

ரெண்டாம்வருஷம்

@கொங்குத்தம்பி அண்ணா, ஐசி புதிது, எழுத்து நன்றாகத் தெரிகிறது, 32 தான். 86 மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிற மாதிரி இருக்கிறது, சூடு என்று சொல்ல முடியாது.

@சாலிடர்வாசம் சார், 5-க்கும் 6-க்கும் நடுவே மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்தேன். ஷார்ட் இல்லை.

ஆய்வகத்து_அக்கா

சாலிடர்வாசம் S காலத்தைப் படித்தது நல்ல ஆரம்பம். ஆனால் அங்கேயே நிற்காமல் Cout காலத்தையும் படியுங்கள். கடைசி இரண்டு வரியில் மட்டும் 1, அதாவது A-யும் B-யும் 1 ஆக இருக்கும்போது மட்டும். ஆக S = Cin, Cout = AB. Cin வயர் S-க்குப் போயிருந்தால் முதல் சமன்பாடு வரும், இரண்டாவது வராது. Cout-ஐத் தனியாக இன்னொரு தப்பு கெடுத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில், சம்பந்தமே இல்லாத இரண்டு தப்பு, மூன்று தடவை பிரித்துப் போட்டும் அதே இரண்டு தப்பு என்பதை நான் நம்ப மாட்டேன்.

இப்போது நிஜ சமன்பாடுகளை எழுதுங்கள்.

```
P    = A xor B
S    = P xor Cin
Cout = AB or (P and Cin)
```

இதில் P-க்குப் பதிலாக 0 என்று போடுங்கள். S வெறும் Cin ஆகிவிடுகிறது, Cout வெறும் AB ஆகிவிடுகிறது. உங்கள் அட்டவணை அச்சு அசலாக அதுதான். தப்பான நாலு வரியும் A-யும் B-யும் வேறு வேறாக இருக்கும் வரிகள், அதாவது P நியாயமாக 1 ஆக இருக்க வேண்டிய வரிகள். அது மற்ற இடங்களுக்கு 0 ஆகவே போய்ச் சேருகிறது.

P வயர் அறுந்திருக்குமா என்றால் அதுவும் பொருந்தவில்லை. P இரண்டு தனி வயர்களில் இரண்டு வேறு ஐசிகளுக்குப் போகிறது, இரண்டும் சேர்ந்து அறுந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, பழைய 74LS வகையில் அறுந்த இன்புட் 1 ஆகத்தான் தெரியும். அப்படியென்றால் P எப்போதும் 1, தப்பு நேர் எதிராக A-யும் B-யும் ஒன்றாக இருக்கும் வரிகளில் வரும். 000-இலேயே S எரிந்திருக்கும்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஐசியின் முழு எண் என்ன? A=1, B=0 வைத்து, எல்இடி எரியும்போது 86-இன் மூன்றாம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எத்தனை வோல்ட்?

ரெண்டாம்வருஷம்

மேடம், ஐசியில் 74HC86, 74HC08, 74HC32 என்று இருக்கிறது. மூன்றாம் பின்னில் 1.92 வோல்ட். எல்இடி நன்றாக எரிகிறது, அதனால் அது 1 தானே?

ஆய்வகத்து_அக்கா

எல்இடிக்கு அது 1. அடுத்த கேட்டுக்கு அது 0.

எல்இடியோடு தொடராக ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா? இல்லை என்று நினைக்கிறேன். சிவப்பு எல்இடி தன் குறுக்கே 2 வோல்ட்டுக்கு அருகில்தான் விடும். ரெசிஸ்டர் இல்லாமல் அவுட்புட்டிலிருந்து நேராக கிரவுண்டுக்கு அதை வைத்தால், கேட் 5 வோல்ட் வரை ஏற முயன்றாலும் எல்இடி அதை 1.9-இலேயே பிடித்து வைத்துவிடும். 86 வெதுவெதுப்பாக இருப்பதும் அதனால்தான், அந்த அவுட்புட் தன் சக்திக்கு மீறிய கரண்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

74HC ஐசி 5 வோல்ட் சப்ளையில் ஒரு இன்புட்டை 1 என்று உறுதியாக எடுத்துக்கொள்ள 3.5 வோல்ட் வேண்டும். நடைமுறையில் பாதி சப்ளை, அதாவது இரண்டரை வோல்ட் பக்கத்தில் அது மனம் மாறும். உங்கள் 1.92 அதற்குக் கீழே. அதனால் 86-இன் நாலாம் பின்னும் 08-இன் நாலாம் பின்னும் P-யை 0 என்றே படிக்கின்றன. நீங்கள் எல்இடியைப் பார்த்து 1 என்று எழுதுகிறீர்கள்.

ஹாஃப் ஆடர் தனியாக இருந்தபோது ஏன் சரியாக வந்தது? அப்போது அந்தப் பின்னை எல்இடி மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது, வேறு எந்த கேட்டும் அதைப் படிக்கவில்லை. S, Cout எல்இடிகளிலும் இதே தப்பு இருக்கிறது, அவற்றுக்குப் பின்னால் கேட் இல்லாததால் அட்டவணையில் தெரியவில்லை. காலேஜ் ட்ரெய்னர் கிட்டில் எல்இடிக்கான ரெசிஸ்டர் பேனலுக்கு உள்ளேயே இருக்கும், அதனால் அங்கே இந்தப் பிரச்சினை வரவே வராது.

P எல்இடியைப் பிடுங்கிவிட்டு எட்டு வரியும் பாருங்கள். அதற்கு முன் ஒன்று செய்து பார்ப்பீர்களா? P எல்இடி இருக்கும்போதே, இன்னொரு எல்இடியைப் பழையபடி 08-இன் மூன்றாம் பின்னிலும் வையுங்கள். நான் சொல்வது சரியென்றால் AB-யும் அடுத்த கேட்டுக்கு 0 ஆகிவிடும், Cout எட்டு வரியிலும் எரியவே எரியாது. அப்படி வராவிட்டால் என் விளக்கம் தப்பு, வேறு எங்காவது தேடுவோம்.

சாலிடர்வாசம்

ஒரு சந்தேகம் மேடம். நான் இருபது வருடமாக 74LS-இல் ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடி வைத்திருக்கிறேன். அடுத்த கேட்டும் சரியாகவே வேலை செய்திருக்கிறது. ஆக எல்இடி மேல் மட்டும் பழி போட முடியுமா?

ஆய்வகத்து_அக்கா

உங்கள் அனுபவம் உண்மைதான். LS வகை மனம் மாறுவது 1.3 வோல்ட் பக்கத்தில், அதனால் 1.9 அதற்கு 1 ஆகவே தெரியும். ஆனால் தயாரிப்பாளர் உறுதி கொடுப்பது 2.0 வோல்ட்டுக்கு மேலே மட்டும். நீங்கள் இருபது வருடமாக அந்த விளிம்புக்குக் கொஞ்சம் கீழேதான் ஓட்டியிருக்கிறீர்கள், நிஜ ஐசிகள் காகிதத்தில் இருப்பதைவிட நல்லவையாக இருந்ததால் ஓடியது. அதே பழக்கத்தோடு HC-க்கு வந்தால் ஓடாது. லேபில் LS தீர்ந்து HC வாங்க ஆரம்பித்தபோது, பல வருடமாக வேலை செய்த சர்க்யூட்டுகள் திடீரென்று தப்பு காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். முதல் வாரம் முழுக்க ஐசியைத்தான் சந்தேகப்பட்டோம்.

ரெண்டாம்வருஷம்

மேடம், செய்து பார்த்துவிட்டேன். 08-இன் மூன்றாம் பின்னில் எல்இடி வைத்ததும் Cout செத்துவிட்டது, 111-இலும் எரியவில்லை. S காலம் மாறவில்லை. நீங்கள் சொன்னபடியே!

பிறகு நடுவில் இருந்த இரண்டு எல்இடியையும் எடுத்துவிட்டேன். எட்டு வரியும் சரியாக வந்துவிட்டது. P பின்னில் இப்போது 4.96 வோல்ட். S, Cout எல்இடிக்கு எத்தனை ஓம் போடட்டும்? வீட்டில் 330 ஓமும் 1 கிலோ ஓமும் இருக்கிறது.

ஆய்வகத்து_அக்கா

1 கிலோ போடுங்கள். 5-இல் எல்இடிக்கு 2 போனால் மீதி 3 வோல்ட், 3 மில்லியாம்பியர். HC அவுட்புட் 4 மில்லியாம்பியர் வரை கொடுக்கும்போது வோல்ட் இவ்வளவுக்குக் கீழே இறங்காது என்று டேட்டாஷீட்டில் உறுதி இருக்கும், அதற்குள் நிற்கிறோம். 330 ஓம் என்றால் 9 மில்லியாம்பியர், எரியும், உடனே எதுவும் கெடாது, ஆனால் அந்த உறுதிக்கு வெளியே போய்விடுகிறது. 1 கிலோ வைத்தால் P-யிலும் தாராளமாக எல்இடி வைத்துக்கொள்ளலாம், நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான்.

அப்புறம், ஐசிகளில் பயன்படுத்தாத கேட்டுகளின் இன்புட்டுகளை கிரவுண்டில் கட்டிவிடுங்கள். HC-யில் தொங்கும் இன்புட் 0-வும் இல்லை 1-உம் இல்லை, கை பக்கத்தில் போனாலே ஆடும். இன்புட் வயரை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கம் செருகும் அந்த நொடியிலும் எல்இடி துடிக்கும், அதைப் பார்த்து அட்டவணை எழுதாதீர்கள்.

எண்கணக்கு

நான் கணித ஆசிரியர், எலக்ட்ரானிக்ஸ் ஆள் இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஃபுல் ஆடர் செய்வது மூன்று இலக்கத்தில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுவது. விடை 0, 1, 2, 3 என்று நாலே நாலு. எந்த 1 எங்கிருந்து வந்தது என்பது விடையை மாற்றாது. அப்படியானால் 0-க்கு ஒரு வரி, 1-க்கு ஒரு வரி, 2-க்கு ஒன்று, 3-க்கு ஒன்று, மொத்தம் நாலு வரி சோதித்தால் போதாதா? எட்டு ஏன்?

ஆய்வகத்து_அக்கா

ஐயா, சரி, நாலு வரியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 000, 001, 110, 111 என்று எடுத்தால் 0, 1, 2, 3 நாலும் வந்துவிடுகின்றன, இல்லையா? இப்போது மேலே தம்பி போட்ட முதல் அட்டவணையில் அந்த நாலு வரியைப் பாருங்கள். நாலும் சரி. மீதி நாலு வரியும் தப்பு.

கூட்டல் A, B, Cin மூன்றையும் சமமாக நடத்துகிறது. சர்க்யூட் அப்படி நடத்துவதில்லை. A-யும் B-யும் ஒரு எக்ஸாரில் முதலில் சேர்கின்றன, Cin இரண்டாவது கட்டத்தில்தான் உள்ளே வருகிறது. A=1 தனியாக வரும்போது அது P வயர் வழியாகப் போகிறது, Cin=1 தனியாக வரும்போது P வயரைத் தொடுவதே இல்லை. விடை ஒன்று, போன பாதை வேறு. நாம் சோதிப்பது பாதையை.

எண்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். எந்தப் பாதையில் தப்பு வந்தாலும் பிடிக்க எத்தனை வரி வேண்டும்? எட்டுக்குக் குறைவாக முடியுமா? ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

யாழ்_உயர்தரம்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் ஐசிடி படிக்கிறேன். எங்களுக்குத் தாளில் மட்டும்தான், பலகையில் கட்டிப் பார்த்ததில்லை. எங்கள் குறிப்பில் Cout = AB + BC + CA என்று இருக்கிறது, இங்கே AB + (P and Cin) என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் உண்மை அட்டவணை ஒன்றாகத்தான் வருகிறது, போட்டுப் பார்த்தேன். அப்படியிருக்க எதைக் கட்டுவது சரி அக்கா?

இன்னொன்று. நான் தவறுதலாகக் கடைசி ‘அல்லது’ படலைக்குப் பதில் எக்ஸார் படலை வரைந்துவிட்டேன். அப்போதும் எட்டு வரியும் சரியாக வந்தது. என்ன பிழை விட்டேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆய்வகத்து_அக்கா

பிழையே இல்லையம்மா. ‘அல்லது’ படலையும் எக்ஸாரும் வேறுபடுவது இரண்டு இன்புட்டும் 1 ஆக இருக்கும்போது மட்டும். இங்கே இரண்டு இன்புட்டும் இரண்டு ஹாஃப் ஆடர்களின் கேரிகள். ஒவ்வொரு கேரியின் மதிப்பும் 2. இரண்டும் சேர்ந்து வந்தால் கூட்டுத்தொகை குறைந்தது 4 ஆக இருக்க வேண்டும், மூன்று ஒற்றை இலக்கத்தைக் கூட்டினால் அதிகபட்சம் 3. ஆகவே இரண்டும் ஒன்றாக 1 ஆகவே முடியாது. சமன்பாட்டிலும் அதே கதைதான்: AB = 1 என்றால் A-யும் B-யும் சமம், சமம் என்றால் P = 0.

ரெண்டாம்வருஷம் தம்பிக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. உங்கள் 86-இல் இன்னும் இரண்டு கேட் சும்மா கிடக்கின்றன. 08-இன் 3, 6 பின்களை 86-இன் 9, 10-இல் கொடுத்து 8-ஐ Cout ஆக எடுத்தால், 32 ஐசியே தேவையில்லை. இரண்டு ஐசியில் முழு ஃபுல் ஆடர்.

கொங்குத்தம்பி

மேடம், தேர்வில் அப்படி வரையாதீர்கள் என்று சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருத்தன் எக்ஸார் போட்டு, அட்டவணையும் சரியாக எழுதியும் மார்க் போய்விட்டது. அவர்கள் கையில் இருக்கும் விடைத்தாளில் ஆர் கேட்தான் இருக்கிறது.

சாலிடர்வாசம்

மார்க்கை விடுங்கள், நிஜத்திலேயே எனக்கு ஆர் தான் பிடிக்கும். நிலையாக நிற்கும்போது இரண்டும் ஒன்றாக 1 ஆகாது, அது சரி. இன்புட் மாறுகிற நேரத்தில்? A=1, Cin=1 என்று வைத்துக்கொண்டு B-யை 0-விலிருந்து 1 ஆக்குங்கள். Cout முன்னாலும் 1, பின்னாலும் 1. AB உடனே 1 ஆகிவிடும், ஆனால் P இறங்க ஒரு எக்ஸார் நேரம், அப்புறம் கீழ் அண்ட் இறங்க இன்னொரு கேட் நேரம். அந்த இடைவெளியில் இரண்டும் 1. ஆர் கேட் அசையாமல் 1 காட்டும். எக்ஸார் ஒரு கணம் 0-க்குப் போய்த் திரும்பும்.

ஆய்வகத்து_அக்கா

இது முழுக்கச் சரி, நான் சொல்லாமல் விட்ட விஷயம். HC-யில் ஒரு கேட் சுமார் 10 நானோசெகண்ட் எடுக்கும், அந்தக் குழியும் அந்த அளவுதான். எல்இடியில் கண்ணுக்குத் தெரியாது, ஆசிலோஸ்கோப்பில் பிடிக்கலாம்.

ஆனால் எதிர்த் திசையில் போய்ப் பாருங்கள். 111-இலிருந்து B-யை 0 ஆக்குங்கள். இப்போது AB முதலில் விழுந்துவிடும், P ஏறி கீழ் அண்ட் எழுவதற்குள் ஒரு கணம் இரண்டுமே 0. அப்போது ஆர் கேட்டும் குழி காட்டும். ஆக ஆர் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது.

இங்கேதான் யாழ் தங்கையின் குறிப்பு ஜெயிக்கிறது. AB + BC + CA-வில் 111-இலிருந்து B விழுந்தாலும் CA என்ற கேட் அசையாமல் 1-இல் நிற்கிறது. ஒரு நேரத்தில் ஒரு இன்புட் மாறினால் இரண்டு திசையிலும் Cout ஆடாது. செலவும் பெரிதில்லை: மூன்று அண்ட், இரண்டு ஆர். 08-இல் நாலு கேட், 32-இல் நாலு கேட் இருப்பதால் ஐசி எண்ணிக்கை அதே மூன்றுதான். P-யைக் கேரி நம்பியிருக்காததால், தம்பியின் எல்இடி தப்பு இந்த அமைப்பில் நடந்திருந்தால் S மட்டும் கெட்டிருக்கும், Cout எட்டு வரியிலும் சரியாக வந்திருக்கும்.

சாலிடர்வாசம்

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு ஐசிக்காக எக்ஸார் போடுவதை நான் செய்ய மாட்டேன். பின்னால் வேறொருவர் பழுது பார்க்க வரும்போது, கேரியில் எக்ஸாரைக் கண்டால் முதல் வேலையாக அதைத்தான் தப்பு என்று நினைப்பார்.

ஆய்வகத்து_அக்கா

நான் போடுவேன், பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டு. இதில் நாம் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

எண்கணக்கு

ராத்திரி போட்டுப் பார்த்தேன். ஆர் கேட் உள்ள தம்பியின் முதல் சர்க்யூட்டையே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வயரும், கிளை பிரிந்த பிறகு ஒவ்வொரு கிளையும், 0-விலோ 1-இலோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வைத்து, எந்த வரியில் விடை மாறுகிறது என்று பார்த்தேன்.

பெரும்பாலான தப்புகளைப் பல வரிகள் பிடிக்கின்றன. ஆனால் மூன்று தப்புக்குத் தப்பிக்கவே வழியில்லாத ஒற்றை வரிதான் உண்டு. முதல் அண்ட் கேட்டுக்குப் போகும் A கிளை 1-இல் ஒட்டிக்கொண்டால் 010 மட்டுமே அதைக் காட்டுகிறது. 011-இலும் AB தப்பாக 1 ஆகும், ஆனால் அங்கே Cout ஏற்கனவே 1, அதனால் மறைந்துவிடுகிறது. அதே போல B கிளைக்கு 100 மட்டும். இரண்டாவது அண்டுக்குப் போகும் P கிளை 1-இல் ஒட்டினால் 001 மட்டும். ஆக இந்த மூன்று வரியும் கட்டாயம்.

மீதிக்கு, AB வயர் 0-வில் ஒட்டினால் பிடிக்க 110 அல்லது 111 ஒன்று வேண்டும். கீழ் அண்டின் வயர் 0-வில் ஒட்டினால் பிடிக்க 011 அல்லது 101 ஒன்று. மொத்தம் ஐந்து: 001, 010, 100, 110, 011. மற்ற ஒற்றைத் தப்புகள் எல்லாவற்றையும் இந்த ஐந்தே பிடித்துவிடுகின்றன, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன். ஐந்துக்குக் குறைக்க முடியாது. 000 தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம், நான் முதலில் சோதித்திருக்கக்கூடிய வரி அதுதான்.

ரெண்டாம்வருஷம்

சார், இது ரெக்கார்டில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் 000-இல் எதுவும் எரியவில்லை, 111-இல் இரண்டும் எரிகிறது என்று பார்த்து முதல் நாள் சரி என்றே விட்டுவிட்டேன். மறுநாள் முழு அட்டவணை எழுதும்போதுதான் தெரிந்தது.

ஆய்வகத்து_அக்கா

ஐயா, அருமையாகப் போட்டிருக்கிறீர்கள், ஐந்தும் சரி. ஒரு எல்லையை மட்டும் சேர்க்கிறேன். இது ஒரு நேரத்தில் ஒரு தப்பு, அதுவும் 0-விலோ 1-இலோ ஒட்டிக்கொண்ட தப்பு என்ற கணக்கு. இரண்டு வயர் ஒன்றோடொன்று ஒட்டுவது, இரண்டு தப்பு சேர்ந்து வருவது, தொங்கும் இன்புட் வரிக்கு வரி ஆடுவது இதற்குள் வராது. பிரெட்போர்டில் அவைதான் அதிகம். எட்டு வரி சோதிக்க இரண்டு நிமிடம்தான் ஆகும் என்பதால் நான் எட்டையும் பார்ப்பேன். நாலு பிட் கூட்டலுக்குப் போனால் A-யில் நாலு, B-யில் நாலு, ஒரு Cin என்று ஒன்பது இன்புட், 512 வரி. கையால் முடியாது, அங்கே உங்கள் கணக்குதான் வேண்டும்.

எண்கணக்கு

நாலு ஆடரைக் கேரி வழியாகக் கோத்தால், ஒவ்வொரு ஆடருக்கும் இந்த ஐந்து வரி கிடைக்கும்படி வெளி இன்புட்டுகளை அமைக்க வேண்டும். ஒரு ஆடரின் Cout அடுத்ததன் Cin ஆகிவிடுவதால் நாம் விரும்பிய Cin-ஐ நேராகக் கொடுக்க முடியாது. 001 வரி தன் Cout-ஐ 0 ஆக்கிவிடுகிறது, 110 வரி 1 ஆக்குகிறது. மாற்றி மாற்றி அடுக்கினால் வரும் போலத் தெரிகிறது. எத்தனை வரியில் முடியும் என்று இன்னும் போடவில்லை.

ரெண்டாம்வருஷம்

நான் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆடரைக் கட்டுகிறேன் சார், இந்தத் தடவை AB + BC + CA முறையில். முதல் ஆடரின் Cin-ஐ கிரவுண்டில் கட்டிவிடுகிறேன். இரண்டு பிட்டுக்கு நீங்கள் எந்த வரிகள் சொன்னாலும் சோதித்து இங்கேயே போடுகிறேன். 1 கிலோ ஓம் பத்து வாங்கி வைத்துவிட்டேன்.

எண்கணக்கு

Cin-ஐ கிரவுண்டில் நிரந்தரமாகக் கட்டாதீர்கள். கட்டினால் முதல் ஆடரில் 001-ம் 011-ம் சோதிக்கவே முடியாது. ஒரு வயரை வெளியே விட்டு வையுங்கள், சோதித்து முடித்த பிறகு கட்டிக்கொள்ளலாம். முறையும் மாறுகிறது என்கிறீர்கள், அதற்கு என் ஐந்து வரி செல்லுமா என்று மறுபடி போட வேண்டும். சனிக்கிழமைக்குள் சொல்கிறேன்.